சொந்தத்தில் வந்த சம்பந்தத்தை "வேண்டாம்" என்று எழுத எங்களுக்கு நாலு நாள் ஆச்சு



போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்போ, எப்பவும் எங்களோட உட்காருற ஒரு அம்மா மெதுவா கேட்டாங்க. "சொந்தக்காரங்க கொண்டாந்த சம்பந்தம். பிள்ளைக்கு இஷ்டமில்ல. எப்படிங்க எழுதுறது? ரெண்டு வாரமா போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்." நாங்கள் பாதி சொல்வதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறோம். எங்கள் வீட்டிலேயே நடந்ததுதான். எழுதலாமா என்று மகளிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். ஊர், பேர் வேண்டாம் என்றார்கள். அதனால் அதெல்லாம் இல்லை.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்கு அவர் கூடப் பிறந்த அக்கா, இன்னொருவருக்கு நாத்தனார். தோட்டத்தில் அப்பா தவறியபோது தம்பிக்குப் பத்து வயது. அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பால் வெட்டப் போய்த்தான் தம்பியைப் படிக்க வைத்தார். அவர் ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் மறு பேச்சு இருந்ததில்லை. அந்த அக்காதான் ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பசியாறி முடித்ததும், பைக்குள்ளிருந்து மஞ்சள் தடவிய ஒரு ஜாதகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பையன் மாமாவுக்குச் சித்தப்பா மகளின் மகன். ஜொகூர் பாருவில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். அம்மா நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர், பூக்கட்டுகிற வரிசையில் எங்களுக்குப் பக்கத்து இடம். குடும்பத்தைப் பற்றி விசாரிக்கவே தேவையில்லை.

எங்கள் மகள் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளராக வேலை செய்கிறாள். "பேசிப் பார்க்கிறேன் அத்தை" என்றாள். ஆடி பிறக்கப் போகிறதே என்று நாங்களும், "ஆடி முடியட்டும் அக்கா, அப்புறம் சொல்றோம்" என்றோம். நாங்கள் செய்த முதல் தவறு அது. எங்களைப் பொறுத்தவரை அது யோசிக்கக் கிடைத்த ஒரு மாதம். பையன் வீட்டுக்கோ அது "ஆடி முடிஞ்சதும் சரின்னு சொல்லிடுவாங்க" என்று கேட்டது. அவர்கள் ஆவணி முகூர்த்தத் தேதிகளைப் பார்த்து மண்டபம்கூட விசாரித்துவிட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆடியைக் காரணம் காட்டுவது நம் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் மனசில் சந்தேகம் இருக்கும்போது ஆடியைச் சொன்னால், எதிர்பக்கத்தில் அந்த ஒரு மாதமும் ஆசை வளரும். அதற்குப் பதிலாக, "பிள்ளைங்க ரெண்டு பேரும் பேசட்டும், மூணு வாரத்துல எதுவானாலும் சொல்லிடுறோம்" என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் மூன்று தடவை வீடியோவில் பேசினார்கள். மூன்றாவது தடவை பேசிவிட்டு வந்து மகள் சொன்னாள்: "ரொம்ப நல்லவருப்பா. மரியாதையா பேசுறாரு. ஆனா பேசி முடிச்சு வச்சதும் எனக்கு நிம்மதியா இருக்கு. அது தப்பில்லையா? கல்யாணம் பண்ணப் போறவங்க பேச்சு முடியுதேன்னு வருத்தப்படணும்ல?"

இதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது? வேண்டாம் என்று முடிவாயிற்று. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் நாலு நாள் போனது.

எங்களுக்கு உடனே வாயில் வந்தது, "ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிடலாம்" என்பதுதான். யார் மேலும் பழி வராத காரணம் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அதில் நாங்கள் ஏற்கெனவே சூடு பட்டவர்கள். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் தங்கைக்கு வந்த ஒரு சம்பந்தத்தை இப்படித்தான் தட்டிக் கழித்தோம். தங்கை பூச நட்சத்திரம், பையன் ரோகிணி. "ரஜ்ஜு தட்டுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ரஜ்ஜு என்பது நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது. இருபத்தேழு நட்சத்திரத்தையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்தாகப் பிரித்திருப்பார்கள். இருவருடைய நட்சத்திரமும் ஒரே பிரிவில் விழுந்தால்தான் தட்டும். பூசம் தொடை, ரோகிணி கழுத்து. தட்டவே தட்டாது. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தைத் திருப்பினால் யாருக்கும் தெரிந்துவிடும். பையனின் தாத்தா அதைத் திருப்பிப் பார்த்தார். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லட்டும், சாமி பேர்ல எதுக்குப் பொய்?" என்று கேட்டு அனுப்பினார். அந்த வீட்டோடு இன்று வரை பேச்சு சரியில்லை. அவர்கள் மனம் புண்பட்டது நாங்கள் மறுத்ததால் இல்லை, ஏமாற்றியதால். ஜாதகம் நிஜமாகவே பொருந்தவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பொருந்துகிற ஜாதகத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்.

அடுத்ததாக, தூரத்தைச் சொல்லலாம் என்று நினைத்தோம். "ஜொகூர் ரொம்பத் தூரம், ஒரே பொண்ணு" என்று முதல் கடிதத்தில் எழுதியும் விட்டோம். மகள் படித்துவிட்டுச் சிரித்தாள். "அவரு கேஎல்லுக்கே வேலை மாத்திக்கத் தயார்னு என்கிட்ட சொல்லிட்டாருமா. இதை அனுப்பினா நாளைக்கே ராஜினாமா கடிதத்தோட வந்து நிப்பாரு." அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. சரிசெய்யக்கூடிய காரணத்தைச் சொன்னால், நல்ல மனுஷர்கள் அதைச் சரிசெய்துகொண்டு திரும்ப வருவார்கள். தூரம், வேலை, வீடு, "அவள் இன்னும் படிக்கணும்", "இப்போதைக்கு வேண்டாம்" எல்லாமே அந்த மாதிரிதான். அவர்கள் சரிசெய்துகொண்டு வந்த பிறகும் நாம் வேண்டாம் என்றால், அது இரண்டாவது அடி. முதல் அடியைவிட வலிக்கும்.

இரண்டாவது கடிதம் ஒரே புகழ்ச்சி. "இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்கிற மாதிரி. மகள், "அப்புறம் ஏன் வேண்டாம்னு கேப்பாங்களே?" என்றாள். நியாயம்தானே. அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பிள்ளையையும் குடும்பத்தையும் பற்றி உண்மையான ஒரு வார்த்தை போதும்.

பிறகு, "மகளுக்கு விருப்பமில்லை" என்று எழுதலாமா என்பதில் எங்கள் இருவருக்குமே சண்டை. உண்மை அதுதானே என்றார் ஒருவர். உண்மைதான். ஆனால் அந்த வரி வீட்டுக்கு வீடு போகும்போது என்னவாகும் என்று நமக்குத் தெரியும். "பொண்ணு வேற யாரையாவது பார்த்து வச்சிருக்கா போல" என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு வந்துவிடும். பையனுக்கும் "என்னைப் பிடிக்கலையாம்" என்று ஆகும். மறுப்பை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். பிள்ளைகள் சுமக்க வேண்டாம், பெரியவர்கள் நாம் சுமப்போம் என்று முடிவு செய்தோம். "குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம்" என்றால் அது பொய்யும் இல்லை. மகள் சொன்னதைக் கேட்டு முடிவெடுத்தது நாங்கள்தான்.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு வெறும் மெசேஜ் அனுப்பினால் அது அவமரியாதை. வெறும் வாயால் சொன்னால், அக்கா அதைத் தன் வார்த்தையில் பையன் வீட்டுக்குச் சொல்ல வேண்டிவரும். அதில் ஒரு சொல் கூடலாம், ஒரு சொல் குறையலாம். அதனால் முதலில் போனில் பேசுவது, மறுநாள் எழுத்தில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். அக்காவுக்கு என்று எழுதினாலும், பையனின் அம்மா கையில் அப்படியே போய்ச் சேரும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதினோம். இந்தக் காலத்தில் எந்த மெசேஜும் ஒருவரோடு நிற்பதில்லை.

நாளையும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று வைத்ததற்குச் சாங்கியம் மட்டும் காரணம் இல்லை. அன்று சாயங்காலமே அக்காவும் பையனின் அம்மாவும் கோயிலில் நேருக்கு நேர் நிற்பார்கள். சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டோம். அடுத்த வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது.

அக்கா முழுசாகக் கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. "என் தம்பி என் பேச்சைத் தட்டவே மாட்டான்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்டா" என்றார். குரல் உடைந்திருந்தது.

அது வரைக்கும் நாங்கள் இரண்டு குடும்பத்தையும் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். நடுவில் நிற்கிற மூன்றாவது ஆளை யோசிக்கவே இல்லை. சம்பந்தம் கொண்டு வருகிறவர் தன் பேரையும் அடகு வைத்துத்தான் கொண்டு வருகிறார். நம் வீட்டில் மறுத்தால் அங்கே அவர் பேச்சுக்கு மரியாதை போகிறது. "தம்பி வீட்டுல இவளுக்கு அவ்வளவுதான் செல்வாக்கு" என்று ஆகிறது. எழுதி வைத்திருந்த கடிதத்தை அன்று ராத்திரி திரும்ப எடுத்து, அக்காவுக்காகவே இரண்டு வரி சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பியது இதுதான்:

"அக்கா, உங்களுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

எங்கள் மகளுக்காக நீங்கள் அக்கறையோடு கொண்டுவந்த சம்பந்தத்தைப் பற்றி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசினார்கள். அவர்கள் மகன் பண்பான பிள்ளை. எங்கள் மகளிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார்.

ஆனாலும் இந்தச் சம்பந்தத்தை மேற்கொண்டு பேச வேண்டாம் என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம். கல்யாணம் என்றால் மனம் முழுதாக நிறைந்து செய்ய வேண்டும். அந்த நிறைவு எங்கள் பக்கத்தில் வரவில்லை. அது இல்லாமல் சரி என்று சொல்வது அவர்கள் மகனுக்கு நாங்கள் செய்கிற அநியாயம். இதில் வேறு காரணம் எதுவும் இல்லை. ஆடி முடியட்டும் என்று சொல்லிக் காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அவர்களுக்காக நீங்கள் எங்களிடம் நன்றாகவே எடுத்துப் பேசினீர்கள். முடிவு முழுக்க எங்களுடையது.

ஜாதகத்தையும் படத்தையும் நாங்கள் யாருக்கும் காட்டவில்லை. போனில் இருந்ததை அழித்துவிட்டோம். ஜாதகத் தாளை உங்களிடம் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறோம். இந்தப் பேச்சு எங்கள் வீட்டோடு நின்றுவிடும்.

அவர்கள் மகனுக்கு நல்ல இடம் சீக்கிரம் அமைய அம்மாளை வேண்டிக்கொள்கிறோம். எல்லாரையும் எப்போதும்போல் கோயிலில் பார்ப்போம்.

— உங்கள் தம்பி குடும்பத்தார்"

இதில் நாங்கள் ரொம்ப யோசித்துப் போட்டது "மேற்கொண்டு பேச வேண்டாம்" என்ற வார்த்தை. முதலில் "கொஞ்சம் யோசிக்கிறோம்", "பார்ப்போம்" என்றெல்லாம் போட்டு எடுத்தோம். மென்மையாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் பையனின் அம்மா அதைப் படித்தால் காத்திருப்பார். அதுவரை அவர் வேறு இடம் பார்க்கமாட்டார். சுற்றி இருக்கிற வார்த்தைகள் மென்மையாக இருக்கட்டும், முடிவைச் சொல்கிற அந்த ஒரு வரி மட்டும் இரண்டு அர்த்தம் தரக்கூடாது.

ஜாதகத்தைப் பற்றிய வரி சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் மகனைப் பெற்றவர்களுக்கு இருக்கிற பயமே அதுதான். மறுத்த வீடு நாளைக்கு யாரிடமாவது, "அந்தப் பையன் ஜாதகம் எங்க வீட்டுக்கும் வந்துச்சு, வேண்டாம்னுட்டோம்" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அடுத்த சம்பந்தத்துக்கு அது தடை. அதனால் எழுதினோம், எழுதியபடியே இருக்கிறோம். தாளைச் செவ்வாய்க்கிழமை விட்டுப் புதன்கிழமை கொண்டுபோய், வெற்றிலை பாக்கு, பழத்தோடு அக்கா கையில் கொடுத்தோம்.

பிள்ளைகள் விஷயம் இன்னொன்று. இருவரும் பேசிப் பழகியவர்கள். பெரியவர்கள் வழியாகச் செய்தி சுற்றி வந்து அந்தப் பையன் காதில் விழுவது நல்லா இருக்காது என்று மகள் சொன்னாள். நாங்கள் அக்காவிடம் பேசிய அதே சனிக்கிழமை ராத்திரி, அவளே ஒரு நாலு வரி அனுப்பினாள். "எங்க வீட்ல இன்னிக்குச் சொல்லிட்டாங்க. வேற யார் மூலமாவோ நீங்க கேட்கக் கூடாதுன்னு நானே சொல்றேன். நீங்க என்கிட்ட பேசின விதத்துக்கு நன்றி." அவர், "நேரா சொன்னதுக்கு நன்றி" என்று பதில் போட்டார். அதோடு முடித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள்.

அக்காவுக்கு அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. நாங்களும் திரும்பக் கேட்கவில்லை. அந்த நேரத்தில், "கோவமா அக்கா?" என்று கேட்டால், அவர் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டி வரும். செவ்வாய் ராத்திரி வந்தது: "அப்படியே அனுப்பிட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கல. சரிங்க, பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்னாங்க."

முதல் வெள்ளிக்கிழமை பையனின் அம்மா பூக்கட்டுகிற இடத்தில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் போய்ப் பேசவில்லை. நடந்ததைப் பற்றிக் கோயிலில் வைத்து விளக்கம் சொல்வது தப்பு. நாலு பேர் காது அங்கேயே இருக்கும். கண்ணில் பட்டபோது கை கூப்பினோம், அவரும் கூப்பினார். மூன்றாவது வாரம் திரும்பப் பக்கத்து இடத்துக்கே வந்தார். "வாழைநார் இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். அவ்வளவுதான். அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய பிரசாதம்.

அக்கா? போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது எழுது. எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்குன்னும் சேர்த்து எழுது" என்றார். சேர்த்தாச்சு அக்கா.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். இந்த மாதிரி எழுத்தில் சொல்வது எல்லாத்துக்கும் பொருந்தாது. சம்பந்தம் கொண்டு வந்தவரே பையனைப் பெற்றவர் என்றால், அதாவது அத்தையே தன் மகனுக்குக் கேட்டால், போனும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம். நேரில் போங்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாச்சு, நாள் குறிச்சாச்சு என்றாலும் அப்படித்தான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வாங்கிய தட்டைத் திருப்பி வைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிலர் வீடு வாங்க, பேர் எழுத என்று கோயில் கல்யாணத்துக்கு முன்னாடியே பதிவுத் திருமணம் முடித்துவிடுகிறார்கள். பதிவு ஆகிவிட்டால் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. அங்கே வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். அதனால் மனசில் சந்தேகம் இருக்கிறவர்கள் தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிடுங்கள்.

காய் நறுக்கும்போது கேட்ட அம்மா, உங்களுக்காகத்தான் இது. மேலே இருக்கிற வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் கொண்டு வந்தவரை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதில்தான் நீங்கள் சேர்க்க வேண்டிய வரி இருக்கும். இந்த வெள்ளி வெண்பூசணி நறுக்க வேண்டியது நிறைய இருக்கு, சீக்கிரம் வாங்க.

ஓம் சக்தி.